சுவரோரம் அளந்து சைக்கிள் பிரேம் சைஸ் பார்த்தது: 168 செ.மீ. உயரம், 77.5 செ.மீ. உள்கால்

சைக்கிள் கடையில் "26 வேணுமா, 27.5 வேணுமா" என்று கேட்டால் அது சக்கரத்தின் அளவு. ஓட்டுபவரின் உடம்புக்குப் பொருந்த வேண்டியது பிரேம் சைஸ். ஒரே 27.5 சக்கரத்தில் 15 இன்ச் பிரேமும் வரும், 19 இன்ச் பிரேமும் வரும். சைஸ் அட்டவணையில் உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 168 செ.மீ. ஆள் பெரும்பாலும் S-க்கும் M-க்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். அந்த இடத்தில் முடிவெடுக்க உதவுவது உள்கால் நீளம், அதாவது கவட்டிலிருந்து தரை வரை உள்ள அளவு. இந்தப் பதிவில் பார்த்தது எண்டூரன்ஸ் வகை, அதாவது நீண்ட தூரம் ஓட்டுவதற்கான ரோட் பைக்குக்கு.

அளவு எடுத்தது

தேவையானவை ஒரு ரசமட்டம், பென்சில், இரும்பு டேப். ரசமட்டம் இல்லாவிட்டால் கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகம் போதும். வெறுங்காலுடன், அரை டிரவுசர் போட்டுக்கொண்டு சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். இரண்டு பாதங்களுக்கும் நடுவே 15 செ.மீ. இடைவெளி. புத்தகத்தைக் காலுக்கு நடுவே நுழைத்து, அதன் ஒரு விளிம்பு சுவரில் முழுதாகப் படியும்படி வைத்து, மேலே இழுக்க வேண்டும். மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் கோடு. கோட்டிலிருந்து தரை வரை உள்ளதுதான் உள்கால்.

முதலில் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. 76.1 என்றும் 78.3 என்றும் வந்தன. காரணம் சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல். அது சுவரைவிட ஒரு செ.மீ. வெளியே நிற்கும். குதிகால் டைலில் முட்டும், முதுகு மட்டும் பின்னால் சாயும், இடுப்பு முன்னே தள்ளும். புத்தகம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதே பிடிபடாது. ஸ்கர்ட்டிங் இல்லாத சுவரோ, மூடிய கதவின் பலகையோ நல்லது. தரையும் கவனிக்க வேண்டிய ஒன்று. பால்கனி, முற்றம், குளியலறை வாசல் எல்லாம் தண்ணீர் ஓடச் சாய்த்துப் போட்ட தரை. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தால் உருளுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது அழுத்தம். புத்தகம் துணியைத் தொட்டவுடன் நிறுத்தினால் அளவு ஒன்று, ஒன்றரை செ.மீ. குறையும். சீட்டில் உட்காரும்போது உடம்பின் பாரம் எலும்பில் இறங்குகிறது, அதே அளவு அழுத்தம் இங்கேயும் வர வேண்டும். அதனால் புத்தகத்தை இழுப்பது அளக்கப்படுபவரின் இரண்டு கைகளாகவே இருக்கட்டும், கோடு போடுவது மட்டும் இன்னொருவர் வேலை. கூடவே குதிகாலையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பலமாக இழுக்கும்போது தன்னையறியாமல் குதிகால் எழும்பும், அளவு கூடிவிடும். கால்களை அகட்டி வைத்தால் நேர்மாறாக, 40 செ.மீ. இடைவெளிக்குக் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. குறையும்.

கதவோரம் மாற்றி எடுத்தபின் 77.2, 77.6, 77.7 என்று வந்தது. சராசரி 77.5. மூன்று அளவுகளும் அரை செ.மீ.க்குள் அடங்கினால் நம்பலாம்.

பேன்ட்டின் உள்கால் அளவை இங்கே கொண்டுவரக் கூடாது. இதே ஆளின் பேன்ட் 29 இன்ச், அதாவது 73.7 செ.மீ. தையற்காரர் கவட்டில் துணி தளர்ந்து நிற்க இடம் விடுவார், கீழே மடிப்பும் தரைக்கு மேலேயே முடிந்துவிடும். அந்த 3.8 செ.மீ. வித்தியாசம் சீட் உயரத்தில் 3 செ.மீ.க்கு மேல் பிழையாகப் போய் நிற்கும். முழங்கால் வலிக்க அது தாராளம். உயரத்தையும் அதே நேரத்தில் அளந்துகொள்ளலாம். காலையில் அளந்தால் மாலையைவிட ஒரு செ.மீ. அளவுக்குக் கூடவே இருக்கும், முதுகுத்தண்டின் வட்டுகள் பகலெல்லாம் அமுங்குவதால். காலில் அப்படி மாற்றம் இல்லை.

சீட் உயரம்

பிரேமைத் தொடுவதற்கு முன் இதைக் கணக்கிட்டுவிட வேண்டும். சைக்கிள் எந்தச் சைஸ் ஆனாலும் சீட் நிற்க வேண்டிய உயரம் ஏறத்தாழ ஒன்றுதான். பிரான்ஸின் சைக்கிள் பந்தயப் பயிற்சியாளர் சிரில் கிமாரின் பயிற்சியில் வந்து, அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் வழியாகப் பரவிய கணக்கு இது: உள்காலை 0.883-ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வரும் நீளம் கிடைக்கும். 77.5 × 0.883 = 68.4 செ.மீ.

இதைச் சரிபார்க்க 1967-இல் ஆய்வாளர்கள் ஹேம்லியும் தாமஸும் கொடுத்த 109 சதவீதக் கணக்கு இருக்கிறது. இது கீழே இறங்கி நிற்கும் பெடலின் அச்சிலிருந்து சீட் வரை. 77.5 × 1.09 = 84.5. கிராங்க் 17 செ.மீ. என்றால் கழித்து 67.5. இரண்டுக்கும் நடுவே 9 மி.மீ. ஒரு கணக்கு கிராங்க் நீளத்தைச் சேர்த்துக்கொள்கிறது, மற்றது சேர்த்துக்கொள்வதில்லை. வித்தியாசம் வரத்தான் செய்யும். குறைந்ததில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போவது முழங்காலுக்குப் பாதுகாப்பு.

பிரேம் கணக்கு தடுமாறும் இடம்

அதே லெமாண்ட் வழியில் ரோட் பிரேமுக்கு உள்கால் × 0.65. பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து, சீட்டுக்கு அடியில் நிற்கும் பிரேம் குழாயான சீட் ட்யூபை மேல் பார் சந்திக்கும் மையம் வரை உள்ள நீளம் அது. 77.5 × 0.65 = 50.4 செ.மீ. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நேரே இன்றைய அட்டவணைக்குப் போனால் தவறான சைக்கிள் வீட்டுக்கு வரும்.

கணக்குக்காக, சந்தையில் உள்ள எண்டூரன்ஸ் பைக்குகளை ஒத்த அளவுகளை எடுத்துக்கொள்வோம். ரீச் என்பது பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹேண்டில் பக்கத்துப் பிரேமின் மேல் முனை வரை முன்னோக்கிய தூரம், ஸ்டேக் அதே முனை வரை மேல்நோக்கிய உயரம். S-இல் சீட் ட்யூப் 44, மேல் பார் உயரம் 74, ரீச் 37.5, ஸ்டேக் 54.5. M-இல் முறையே 48, 76.5, 38.3, 56.5. L-இல் சீட் ட்யூப் 51, மேல் பார் உயரம் 79. எல்லாம் செ.மீ. சீட் ட்யூப் வரிசையில் 50.4-ஐத் தேடினால் கை L-இல் போய் நிற்கும்! வெறுங்காலில் 77.5 உள்ள ஆள் 79 செ.மீ. உயரப் பாரின் மேல் நிற்க முடியாது. 2.5 செ.மீ. ஷூ போட்டாலும் இடைவெளி ஒரே செ.மீ. சிக்னலில் சறுக்கி முன்னால் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்கில் பிழை இல்லை. 0.65 வந்த காலத்தில் மேல் பார் தரைக்கு இணையாக ஓடியது. இன்றைய பிரேம்களில் அது சீட்டை நோக்கிச் சரிந்து இறங்குவதால் சீட் ட்யூப் குட்டையாகிவிட்டது. பழைய கறுப்பு ரோட்ஸ்டர்களில் 22 இன்ச், 24 இன்ச் என்று சொன்னால் ஆளையும் பிரேமையும் பொருத்திவிடலாம். சரிந்த பிரேமில் சீட் ட்யூப் நீளம் அப்படி எதையும் சொல்வதில்லை.

அப்படியானால் உள்கால் எதற்கு? எல்லைகளைப் போடுவதற்கு. மேல் எல்லை, மேல் பார் உயரம்: ஷூவுடன் நின்றால் ரோட் பைக்கில் 2 முதல் 3 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். M-இல் 80 − 76.5 = 3.5. தாராளமாகச் சரி. L அடிபட்டுப் போகிறது. கீழ் எல்லை, சீட்டைத் தாங்கிச் சீட் ட்யூபுக்குள் இறங்கும் சீட் போஸ்ட்: சீட் உயரம் 68.4-இல் S-இன் சீட் ட்யூப் 44-ஐக் கழித்து, சீட்டின் தடிமனும் கிளாம்பும் சேர்த்து 5 செ.மீ. கழித்தால் 19.4 செ.மீ. போஸ்ட் வெளியே தெரிய வேண்டும். 300 மி.மீ. போஸ்ட்டில் குறைந்தபட்சம் 10 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தால் வெளியே விடக்கூடியது 20. விளிம்பில் நிற்கிறது. 350 போஸ்ட் கேட்டு வாங்குவது மேல். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றினால் பிரேம் சீட் ட்யூபின் வாயில் விரிசல் விடும்.

ஆக S, M இரண்டுமே உள்கால் சோதனையில் தேறுகின்றன. இனி முடிவு ரீச்சிடம்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தது

சீட்டை இரண்டிலும் 68-க்கு வைத்தாயிற்று. குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றும்போது, கீழே கால் நேராக நீளவும் இடுப்பு ஆடாமல் இருக்கவும் வேண்டும். அது சரியாக வந்தபின்தான் ஹேண்டிலைப் பார்க்க வேண்டும்.

M-இல் பிரேக் லீவரின் மேல் கை வைத்தால் முழங்கை நேராக விறைத்தது. கொஞ்ச தூரம் போனதும் உட்காரும் இடம் சீட்டின் மூக்குப் பக்கம் நகர்ந்தது. பிரேம் நீளம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கடையில் "சீட்டை முன்னாடி தள்ளிடலாம்" என்பார்கள். சம்மதிக்கக் கூடாது. சீட்டின் முன்பின் நிலை முழங்கால் பெடலுக்கு மேல் எங்கே நிற்கிறது என்பதற்காக. கை எட்டாததை, ஹேண்டிலைப் போர்க்குடன் இணைக்கும் ஸ்டெம்மில்தான் தீர்க்க வேண்டும். M-இல் வந்தது 100 மி.மீ. ஸ்டெம். அதை 80 ஆக்கினால் எட்டும், ஆனால் அதற்குக் கீழே போக இடமில்லை, ஹேண்டில் படபடக்கும். S-இல் 90 ஸ்டெம்முடன் முழங்கை லேசாக மடங்கியே இருந்தது. பின்னாளில் உடம்பு வளைந்து கொடுத்தால் 100 போட்டுக்கொள்ளலாம். S எடுத்தாயிற்று.

இதே 168 உயரத்தில் உள்கால் 81 உள்ளவர் வந்தால்? 0.65 கணக்கு 52.7 என்று இன்னும் பெரிய பிரேமைக் காட்டும். ஆனால் கால் நீண்ட அளவு அவருக்கு முண்டம் குட்டை, அதனால் ரீச் குறைவாக வேண்டும். சீட் உயரம் 71.5. S-இல் போஸ்ட் 22.5 செ.மீ. வெளியே வரும், 300 மி.மீ. போஸ்ட் போதாது, 350 கட்டாயம். சீட் ஏறிய அளவுக்கு ஹேண்டில் தாழ்ந்தும் நிற்கும். அதை ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் வளையம் போட்டும் ஸ்டெம்மைக் கவிழ்த்து மாட்டியும் கொஞ்சம் ஏற்றலாம். கை, கழுத்து அப்போதும் வலித்தால், ஸ்டேக் 2 செ.மீ. கூடிய M-ஐ 80 ஸ்டெம்முடன் எடுப்பது ஒரு வழி. ரீச் குறைந்து ஸ்டேக் உயர்ந்த வேறு மாடலைத் தேடுவது அதைவிட நல்ல வழி. ஸ்டெம்மையும் ஸ்பேசரையும் மாற்ற, அவை மாட்டும் போர்க் பைப்பில் 3 செ.மீ. வெட்டாமல் விடச் சொல்வது வாங்கும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை. அதைக் குட்டையாக வெட்டிவிட்டால் பிறகு ஹேண்டிலை ஏற்ற இடமே இருக்காது.