திவாலான மில்லின் பணம்: யாருக்கு முதலில், யாருக்கு எப்போது?

சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரிக்கும் லிக்விடேஷன் உத்தரவு வந்த மில்லின் வாசலில் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் நியாயம் கேட்கிறார்கள். "எங்க பாக்கிதானே முதல்ல இருந்தது?" என்பார் பஞ்சு சப்ளையர். திவால் சட்டம் 2016-ன் 53-வது பிரிவு அப்படிப் பார்ப்பதில்லை. பில்லின் தேதி அங்கே எடுபடாது. அது எந்த வகைப் பாக்கி, எந்தக் காலத்துக்குரியது என்பதுதான் வரிசையைத் தீர்மானிக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நூற்பாலையின் நிலமும் எந்திரங்களும் விற்று 20 கோடி வந்திருக்கிறது. அதில் முதலில் கழிவது செலவு: லிக்விடேஷனுக்கு முன் மில்லைக் காப்பாற்றப் பார்த்த தீர்வு நடைமுறைக் காலத்தில் ஆனது, காவல், மின்கட்டணம், ஏல விளம்பரம், சொத்தை விற்றுப் பிரிக்கும் லிக்விடேட்டரின் கட்டணம் எல்லாம் சேர்ந்து 2 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 18 கோடி.

அடுத்த படியில் இருவர் சமமாக நிற்கிறார்கள். ஒருவர் தொழிலாளி, லிக்விடேஷன் தொடங்கிய நாளுக்கு முந்தைய 24 மாத நிலுவை அவருடையது. இன்னொருவர் அடமானச் சொத்தின் மீதான தனி உரிமையைக் கைவிட்டு, எல்லாருக்கும் பிரிக்கும் பொதுப் பணத்துக்குள் வந்த வங்கி. தொழிலாளர் பாக்கி 3 கோடி, வங்கிக் கடன் 27 கோடி. மொத்தம் 30 கோடி. இருப்பது 18 கோடி என்பதால் ரூபாய்க்கு 60 காசு. தொழிலாளருக்கு 1.80 கோடி, வங்கிக்கு 16.20 கோடி. பணம் அங்கேயே தீர்ந்துவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் மேலாளர்களின் 12 மாதச் சம்பளம், அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர், இரண்டு ஆண்டு வரி பாக்கி கேட்கும் அரசு, பஞ்சு சப்ளையர், முன்னுரிமைப் பங்குதாரர், கடைசியில் முதலாளி ஆகிய யாருக்கும் ஒரு பைசா இல்லை. நடைமுறையில் பல வழக்குகள் இந்த இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகின்றன.

அடமானத்தைக் கைவிடாமல் வங்கி தானே சொத்தை விற்றுக்கொள்ளலாம். அந்த முடிவை 30 நாளுக்குள் லிக்விடேட்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வெளியே போனாலும் தப்பித்துவிட முடியாது. பொதுப் பணத்துக்குள் இருந்திருந்தால் செலவுக்கும் தொழிலாளர் பாக்கிக்கும் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்குமோ, அதைக் கட்டியாக வேண்டும். விற்ற பிறகும் கடன் மீதமிருந்தால் அது சம்பளத்துக்கும் அடமானமில்லாக் கடனுக்கும் கீழே, அரசு வரியோடு ஒரே படியில் விழும். அதனால் சொத்து மதிப்பு கடனை முழுக்க ஈடுகட்டும் என்று தெரிந்தால் மட்டுமே வெளியே நிற்பது புத்திசாலித்தனம்.

தொழிலாளர் பக்கம் அதிகம் அடிபடுவது அந்த 24 மாதத்தில்தான். கணக்கு பின்னோக்கி ஓடுவது மில் மூடிய நாளிலிருந்து அல்ல, லிக்விடேஷன் தொடங்கிய நாளிலிருந்து. கதவு பூட்டி மூன்று வருடம் கழித்து உத்தரவு வந்தால், வேலை பார்த்த காலத்துச் சம்பள பாக்கி முழுவதும் அந்த வரம்புக்கு வெளியே போய், சப்ளையரோடு சேர்ந்து கடைசிக்கு முந்தைய படிகளில் உட்கார்ந்துவிடும். மில் ஓடாத மாதங்களுக்கான சம்பளத்தைக் கேட்டாலோ, அது செல்லுமா என்றே தகராறு வரும். ஆகவே கோரிக்கைப் படிவத்தில் ஒட்டுமொத்தத் தொகை எழுதக் கூடாது. மாதவாரியாகப் பிரித்து எழுத வேண்டும். யார் தொழிலாளி என்பதும் சம்பளச் சீட்டில் உள்ள பதவிப் பெயரை வைத்து முடிவாவதில்லை, செய்த வேலையை வைத்துத்தான். 'உதவி மேலாளர்' என்ற பெயரோடு ஸ்பின்டில் பார்த்தவர் இதைச் சான்றோடு சொல்லாவிட்டால் ஒரு படி கீழே தள்ளப்படுவார்.

பி.எஃப். இந்த வரிசையிலேயே இல்லை. 36-வது பிரிவின்படி அந்த நிதியில் தொழிலாளருக்குச் சேர வேண்டியது நிறுவனத்தின் சொத்தே அல்ல. 20 கோடியை எண்ணுவதற்கு முன்பே தனியாக வைக்கப்பட வேண்டும். கிராஜுவிட்டி நிதியும் அப்படியே. ஆனால் நிறுவனம் அப்படி ஒரு நிதியே ஏற்படுத்தாமல் விட்டிருந்தால், அங்கே வழக்கு தொடங்கும்.

சப்ளையருக்கு லிக்விடேஷனுக்குப் பிறகு செய்ய அதிகம் இல்லை. கோரிக்கையை 30 நாளுக்குள் பதிவு செய்து, அது ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். அவருக்கு உண்மையான பாதுகாப்பு சரக்கு அனுப்பும் முன்பே கிடைப்பது: முன்பணம், இல்லையென்றால் வங்கி உத்தரவாதம். உத்தரவாதத்தில் பணம் கொடுக்க வேண்டியது மில் அல்ல, அதை வழங்கிய வங்கி. அதனால் அந்தப் பணத்துக்கு 53-வது பிரிவின் படிக்கட்டில் ஏற வேண்டிய அவசியமே இல்லை.