ஓடிபி கேட்காமலே போன சேனல்

மதுரையில் ஒரு சமையல் யூடியூப் சேனலுக்கு எடிட்டராக இருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, சேனல் நடத்தும் அக்கா போன் செய்தார். "தம்பி, நம்ம சேனல்ல யாரோ காயின் பத்திப் பேசிட்டு இருக்கான், என்னன்னு பாரு." திறந்து பார்த்தேன். பெயரும் படமும் மாறியிருந்தன. கிரிப்டோ லைவ் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்து வீடியோக்களில் ஒன்றையும் காணோம்.

இருபடிச் சரிபார்ப்பு போட்டுத்தான் வைத்திருந்தோம். லாகின் செய்தால் அக்கா போனுக்கு ஓடிபி வரும். அன்று இரவு எதுவும் வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

காரணம், அக்காவின் கணக்கைத் திறந்து வைத்திருந்த என் கம்ப்யூட்டரில் இருந்தது. முந்தின நாள் மாலை ஸ்பான்சர் ஒருவர் அனுப்பியதாக ஒரு ஜிப் ஃபைல் வந்தது, பாஸ்வேர்டு மெயிலிலேயே இருந்தது. பிரித்ததும் பிடிஎஃப் படத்தோடு ஒரு ஃபைல். அதன் முழுப் பெயர் `Product_Brief.pdf.scr`. விண்டோஸ் கடைசி `.scr`-ஐ மறைத்துவிட்டதால் எனக்கு பிடிஎஃப் என்றே தெரிந்தது. அளவு 700 எம்பிக்கு மேல். நாலு பக்க ஆவணம் அவ்வளவு கனக்காது, அங்கேயே நின்றிருக்க வேண்டும், ஆனால் திறந்துவிட்டேன். பெரிய ஃபைலை வைரஸ் ஸ்கேனர்கள் பல சோதிக்காமல் விட்டுவிடும் என்பதற்காக வேண்டுமென்றே ஊதிவிடுகிறார்கள்.

அந்த ஃபைல் எடுத்துப் போனது பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டையும் குக்கீயையும். நாம் ஒருமுறை லாகின் ஆனதும், "இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்" என்று கூகுள் தரும் சீட்டுதான் அந்தக் குக்கீ. அதை வேறு கம்ப்யூட்டரில் வைத்தால் லாகின் பக்கமே வராது, ஓடிபியும் கேட்காது. யூடியூபர்களை இப்படிக் குறிவைப்பதைப் பற்றி கூகுள் 2021 அக்டோபரிலேயே எழுதியிருக்கிறது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய டெக்னாலஜி சேனல் போனதும் இதே வழியில்தான்.

மீட்பு வேலையை முதலில் என் வீட்டு லேப்டாப்பில் தொடங்கினேன். சரிபார்க்க முடியவில்லை என்று வந்தது. அப்புறம் அக்கா வீட்டுக்கே போய், அவர் தினமும் பயன்படுத்தும் போனில், அவர் வீட்டு வைஃபையில் `g.co/recover` திறந்தோம். பழகிய கருவி, பழகிய இடம் என்றால் கூகுள் நம்பும் வாய்ப்பு அதிகம். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தான். ஆனால் மாற்றி ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கும் கோடு பெறும் வாய்ப்பை கூகுள் தரக்கூடும். வந்தது. அந்த ஆறு இலக்கத்தை அக்கா கை நடுங்க அடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உள்ளே போனதும் பாஸ்வேர்டை அந்தப் போனிலேயே மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளையும் வெளியேற்றினோம். என் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வைரஸ் இருக்கும் மெஷினில் புது பாஸ்வேர்டு அடித்தால் அதுவும் போய்விடும். (அன்று மாலையே அதை ஃபார்மேட் செய்தேன்.) அவன் சேர்த்திருந்த, லாகின் கோடு தரும் ஆதென்டிகேட்டர் ஆப்பையும் மீட்பு மெயிலையும் நீக்கினோம். ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டிருந்தான், "security" என்ற சொல் உள்ள மெயில் எல்லாம் நேராகக் குப்பைக்கு. எச்சரிக்கை மெயில் ஒன்றும் அக்கா கண்ணில் படாதது அதனால்தான். பலர் இதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வீடியோக்களை அவன் அழிக்கவில்லை, எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கியிருந்தான். மொத்தமாகத் தேர்ந்து பப்ளிக் ஆக்க எனக்குக் கை பரபரத்தது. ஆனால் அவற்றில் விளம்பரதாரர் ஒப்புதலுக்காக, லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி அன்லிஸ்டட் போட்ட வரைவுகளும் இருந்தன. நாங்கள் வைத்திருந்த எக்செல் பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திறந்ததில் இரண்டு நாள் போனது.

இப்போது இருபடிச் சரிபார்ப்பை மாற்றி அமைத்திருக்கிறோம். எஸ்எம்எஸ்ஸை எடுத்துவிட்டு, அக்கா போனில் பாஸ்கீ, அதாவது கைரேகையோ போன் லாக்கோ காட்டி உள்ளே போகும் முறை, கூடவே செக்யூரிட்டி கீ எனும் சின்னச் சாவிக் கருவி இரண்டு. போலி லாகின் பக்கத்தில் இவை வேலை செய்யாது, எஸ்எம்எஸ் கோடை மனிதரிடம் ஏமாற்றி வாங்கிவிடலாம். போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் பத்து பேக்கப் கோடும் அச்சிட்டு அக்கா பீரோவில் இருக்கிறது.

ஆனால் குக்கீ திருடப்பட்டால் இவற்றில் எதுவும் தடுக்காது. அதனால் அக்காவின் கணக்கு எடிட்டிங் கம்ப்யூட்டரில் இனி திறப்பதே இல்லை. யூடியூப் ஸ்டுடியோவின் அனுமதிகள் பகுதியில் என் சொந்தக் கணக்குக்கு எடிட்டர் பொறுப்பு மட்டும் தரச் சொன்னேன். "உன்ன நம்பாம இல்ல தம்பி" என்று தயங்கினார். என் குக்கீ போனாலும் திருடனால் சேனலை நீக்கவோ, ஆள் சேர்க்கவோ முடியாது என்று விளக்கிய பிறகு, அவரே தன் போனில் என் மெயிலை அடித்து அழைப்பு அனுப்பினார்.