பென்ஷனுக்கு ஒரு கணக்கு, வட்டிக்கு வேறு கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"பென்ஷனும் பணம், வட்டியும் பணம், அப்புறம் ஏன் சார் வரி மட்டும் வேற வேற?" என்று அப்பாவின் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தாய். நானே இதில் மாட்டியவன்தான், அதனால் என் கணக்கையே சொல்கிறேன்.

2024-25 நிதியாண்டில் எனக்குப் பென்ஷன் மாதம் 60,000, ஆண்டுக்கு 7,20,000. ஓய்வு பெற்றாலும் வருமான வரிச் சட்டம் பென்ஷனைச் சம்பளமாகத்தான் பார்க்கிறது, ஏனென்றால் அது பார்த்த வேலைக்குப் பின்னால் வரும் ஊதியம். அதனால் சம்பளக்காரர்கள் செலவுக் கணக்கு எதுவும் காட்டாமல் கழித்துக்கொள்ளும் நிலைக்கழிவு எனக்கும் உண்டு. புதிய வரி முறையில் 75,000 போக மிச்சம் 6,45,000. அந்த ஆண்டு 7 லட்சம் வரை வரி முழுத் தள்ளுபடி, ஆகவே பென்ஷனில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை.

வேறொரு வங்கியில் டெபாசிட் வட்டி 1,20,000. இது நான் உழைத்து வந்ததல்ல, போட்ட பணம் ஈட்டியது. இதர வருமானம் என்ற தலைப்பில் போகும், நிலைக்கழிவு கிடையாது. மூத்த குடிமக்களுக்கு அப்போது வரம்பு 50,000, அதைத் தாண்டியதால் மொத்த வட்டிக்கும் 10 சதவீதம், 12,000 ரூபாய், டிடிஎஸ் என்று வட்டி கொடுக்கும்போதே வரியாகப் பிடித்தார்கள். வட்டிக்கான வரி அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிடிப்பதும் கழிப்பதும்தான் தனித்தனி, வரி போடுவது எல்லாவற்றையும் கூட்டித்தான். 6,45,000-உடன் 1,20,000 சேர்ந்து 7,65,000 ஆனது, 7 லட்சம் தாண்டியது, தள்ளுபடி போயிற்று! முதல் 3 லட்சத்துக்கு வரியில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் 20,000, மிச்சம் 65,000-க்கு 10 சதவீதம் 6,500, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 27,560. வங்கி பிடித்த 12,000 போக 15,560 கையிலிருந்து கட்டினேன். பழைய முறையில் 60 வயது தாண்டியவர்களுக்கு வட்டியில் 50,000 வரை கழிவு உண்டே என்று அதையும் போட்டுப் பார்த்தேன், எனக்கு வேறு சேமிப்புக் கழிவு இல்லாததால் 60,320 வந்தது. சரி, புதியதே போதும் என்று விட்டேன்.

பென்ஷன் கொடுப்பவர்களுக்கு என் டெபாசிட் பற்றித் தெரிய வழியில்லை, வட்டி கொடுக்கும் வங்கிக்கு என் பென்ஷன் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவன் நான்தான்.

ஒருவர் இறந்தபின் அவர் குடும்பத்துக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் என்றால் அது சம்பளத்தில் வராது, வட்டியோடு இதர வருமானத்தில்தான் போகும். புதிய முறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழியும்.

2025-26-க்குப் புதிய முறையில் தள்ளுபடி வரம்பு 12 லட்சம், என் போன்ற கணக்குக்கு வரியே வராது. ஆனாலும் அப்பாவின் எல்லா வங்கி வட்டிச் சான்றிதழையும் வாங்கி, அவர் வருமான விவரங்களை வரித்துறை தன் தளத்தில் திரட்டி வைத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கையோடு வைத்துப் பார். முதிர்வில் மொத்தமாக வாங்கும் டெபாசிட்டாக இருந்தால், கைக்கு வராத வட்டியும் அதில் ஆண்டுதோறும் ஏறியிருக்கும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்