வராதவர்களை வந்தவர்களாக எழுதும் கணக்கு

காரைக்குடி வட்டாரத்தில் நகரமைப்புத் திட்டங்களுக்குப் புள்ளிவிவரம் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு ஊரின் மக்கள்தொகை பத்தாண்டில் கூடியிருந்தால், கூடியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் திட்டம் போடுகிறவர் கேட்கும் முதல் கேள்வி. அங்கேயே பிறந்தவர்களா, வெளியூரிலிருந்து குடியேறியவர்களா, அல்லது இருந்த இடத்திலேயே இருந்து நகரவாசிகளாகக் கணக்கில் ஏறியவர்களா? மூன்றாவது வகையை மறந்துவிட்டு எழுதிய அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் கணக்கெடுப்பில் 1,00,000 பேர், அடுத்ததில் 1,40,000 பேர். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குப் பிறப்பு 15, இறப்பு 7 என்றால், பத்தாண்டின் இயற்கைப் பெருக்கம் சுமார் 9,000. மீதி 31,000 பேரும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் இடையில் பக்கத்து ஊராட்சி ஒன்று நகரத்தோடு சேர்ந்திருக்கிறது; இரண்டாம் கணக்கெடுப்பில் அங்கே மட்டும் 18,000 பேர். அதைக் கழித்தால் பழைய எல்லைக்குள் இருப்பவர்கள் 1,22,000. உண்மையான வளர்ச்சி 22,000. அதில் இயற்கைப் பெருக்கம் போக, குடியேறியவர்கள் 13,000 பேர்தான். 31,000 பேருக்கு வாடகை வீடும் குடிநீரும் திட்டமிட்டவர், ஏற்கெனவே சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வீடு தேடிக்கொண்டிருப்பார்.

அந்த 18,000 பேரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் கணக்கெடுப்பின்போது அந்த ஊரில் 14,000 பேர் இருந்தார்கள் என்றால், வகை மாறியதால் வந்தது அவ்வளவே. மீதி 4,000 அந்த ஊரின் சொந்த வளர்ச்சி. முழு 18,000ஐயும் மறுவகைப்பாட்டில் போடுவதுதான் பெரும்பாலான வழக்கம். எதைச் செய்தோம் என்று அட்டவணையின் அடியில் எழுதிவைக்க வேண்டும். எழுதாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

இயற்கைப் பெருக்கத்திலும் பள்ளம் இருக்கிறது. பிறப்பு, அது நிகழ்ந்த இடத்தில் பதிவாகிறது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் காரைக்குடி மருத்துவமனைகளில் பிரசவித்தால் பதிவு நகரத்தின் பெயரில் ஏறும். குழந்தை சில நாட்களில் கிராமத்துக்குப் போய்விடும். நம் கற்பனை நகரத்தில் உண்மையில் ஆண்டுக்கு 1,650 பிறப்புகள்தான் என்று வையுங்கள். பதிவேடு 3,000 பிறப்பும் 900 இறப்பும் காட்டினால், பத்தாண்டுப் பெருக்கம் 21,000 ஆகி, குடியேற்றம் வெறும் 1,000 என்று சுருங்கிவிடும். ஒரே நகரம், மூன்று விடைகள். தாயின் வழக்கமான முகவரியைக் கொண்டு பதிவுகளைப் பிரிக்காமல் இந்தக் கணக்கைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிறந்த இடத்தைக் கேட்டுக் குடியேற்றத்தை நேரடியாக எண்ணலாமே என்று உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். காரைக்குடியிலேயே வளர்ந்த பிள்ளையின் பிறந்த ஊர் தேவகோட்டை என்று இருக்கும். அவரை எந்த ஊருக்குக் குடிவந்தவர் என்று சொல்வது? இதற்கு முன் வசித்த இடத்தைக் கேட்கும் கேள்விதான் இங்கே ஓரளவு கைகொடுக்கிறது.

கிராமம் நகரமாவதற்கு அரசு ஆணை ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முழுநேர ஆண் உழைப்பாளர்களில் 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பது ஆகிய மூன்றும் பொருந்தினால், நிர்வாகத்தில் ஊராட்சியாகவே இருந்தாலும் அது கணக்கெடுப்பு நகரம் ஆகிவிடும். 2001இல் இந்தியாவில் இத்தகைய ஊர்கள் 1,362, 2011இல் 3,894. மூன்றாவது நிபந்தனையை நம் வறண்ட பூமியில் நின்று யோசிக்க வேண்டும். கண்மாய் தூர்ந்து வயலை விட்ட ஆண்கள் கொத்தனாராகவும் ஓட்டுநராகவும் காரைக்குடிக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். தொழில் அவர்கள் வசிக்கும் ஊரில்தான் எண்ணப்படும். புதிதாக ஒரு தெருவும் போடாமல், ஒருவரும் குடியேறாமல், அந்த ஊர் நகரமாகிவிடும். மேலும் 2011க்கான பட்டியல் 2001இன் தரவைக் கொண்டு, 4,000 பேர் இருந்த ஊர்களையும் சேர்த்துத் தயாரானது. பத்தாண்டில் 5,000 ஆகிவிடும் என்ற எதிர்பார்ப்பு அது.

ஆணையின் வலிமைக்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2004இல் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. அந்த இடைவெளியில் கணக்கெடுப்பு வராததால் 2001க்கும் 2011க்குமான ஒப்பீட்டில் அதன் சுவடு இல்லை. வந்திருந்தால், ஊரைவிட்டு ஒருவரும் போகாமலே நகர மக்கள்தொகை சரிந்தது போலத் தெரிந்திருக்கும்.

இப்போது என் மேசையில் இருப்பது 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான முன்தயாரிப்பு. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதனுள் வந்தன. ஆகவே 2011இன் காரைக்குடி எண்ணோடு இந்த ஊர்களின் 2011 எண்களையும் கூட்டி, புதிய எல்லைக்குப் பழைய மக்கள்தொகையை முதலில் கட்டிக்கொள்கிறேன். சிவகங்கை மாவட்டத்தின் நகர மக்கள்தொகையைப் பார்க்கும்போது கணக்கு வேறு. கோட்டையூரும் கண்டனூரும் 2011லேயே நகரங்கள் என்பதால், மாவட்ட அளவில் அவற்றை மறுவகைப்பாட்டில் சேர்க்க இடமில்லை. மாநகராட்சி அளவில் மட்டும் அவை எல்லை விரிவு. ஊராட்சிகளுக்கோ, 2011லேயே கணக்கெடுப்பு நகரமாக எண்ணப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் இடம் ஒதுக்க முடியும்.