'தென்' வரும் வரியில் எதை வட்டமிடுவது?

சிங்கப்பூரின் சாதாரணநிலை ஆங்கிலத் தேர்வின் முதல் தாளில் முதலில் வருவது எடிட்டிங். பன்னிரண்டு வரி, பத்து மதிப்பெண். முதல் வரியிலும் கடைசி வரியிலும் பிழை இருக்காது. நடுவில் உள்ள பத்தில் எட்டு வரிகளில் ஆளுக்கொரு பிழை, இரண்டு வரி சுத்தம். பிழையான சொல்லை வட்டமிட்டுச் சரியான சொல்லை எதிரே எழுத வேண்டும்; சுத்தமான வரிக்கு டிக். வாக்கியத்தின் பொருள் மாறக்கூடாது.

'அதைவிட' என்ற பொருளில் 'தென்' வரும் ஒப்பீட்டுப் பிழைகளைப் படிக்கும்போது இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். ஒரு சொல்லை எடுத்து அதே இடத்தில் இன்னொரு சொல்லைப் போட்டால் நேராகிவிடும் பிழைதான் இங்கே வர முடியும். நான்கு சொல் சேர்த்தால்தான் சரியாகும் என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வரியில் பிழையே இல்லாமலும் இருக்கலாம்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது 'தட்', 'தோஸ்' இரண்டில்தான். 'த ரென்ட் ஆஃப் த ஷாப்ஸ் இன் ஈஷூன் இஸ் லோயர் தென் தோஸ் இன் ஆர்ச்சர்ட்.' வாசிக்கும்போது காதில் எதுவும் இடிக்காது. காரணம், 'ஷாப்ஸ்' என்ற பன்மை பக்கத்திலேயே நிற்கிறது. 'தோஸ்' அதற்குத்தான் போலிருக்கிறது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் இங்கே குறைவு என்று சொல்லப்படுவது கடைகளா, வாடகையா? வாடகை. 'ரென்ட்' ஒருமை, ஆகவே 'தட்' வேண்டும். 'இஸ்' என்ற வினைச்சொல்லும் அதையே காட்டிக்கொடுக்கிறது: எழுவாய் ஒருமை என்பதால்தான் 'இஸ்' வந்திருக்கிறது. 'தென்'னுக்குப் பின் 'தட்' அல்லது 'தோஸ்' கண்டால் உடனே முன்னால் போய் வினைச்சொல்லைப் பாருங்கள். 'இஸ்', 'வாஸ்' என்றால் 'தட்'. 'ஆர்', 'வேர்' என்றால் 'தோஸ்'. எழுவாயே ஒப்பிடப்படும் வரிகளில் இந்தச் சோதனை தவறாது.

எழுவாய் ஒப்பிடப்படாத வரிகளும் உண்டு. 'த நியூ ஸ்கூல் ஹேஸ் பெட்டர் லேப்ஸ் தென் தட் ஆஃப் த ஓல்ட் ஒன்.' இங்கே ஒப்பிடப்படுவது பள்ளி அல்ல, அதன் ஆய்வுக்கூடங்கள். 'பெட்டர்' எந்தப் பெயர்ச்சொல்லோடு ஒட்டி நிற்கிறதோ அதுதான் ஒப்பீட்டின் பொருள். 'லேப்ஸ்' பன்மை, ஆகவே 'தோஸ்'. வினைச்சொல்லை மட்டும் நம்பினால் 'ஹேஸ்' ஒருமை என்று ஏமாந்துபோவீர்கள். அதனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எது கூட, எது குறைய? அதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டுப் பிறகு வலப்பக்கம் போங்கள்.

இதே கேள்வி இன்னொரு வகைப் பிழையையும் பிடித்துத் தரும். 'மை ஹேண்ட்ரைட்டிங் இஸ் நீட்டர் தென் மை பிரதர்.' கையெழுத்தைக் கொண்டுபோய்த் தம்பியோடு ஒப்பிட்டிருக்கிறது. தமிழில் 'என் கையெழுத்து தம்பியைவிட அழகு' என்று பேச்சில் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் தொடர்கிறது. திருத்தம் ஒரே சொல்: 'பிரதர்' இருந்த இடத்தில் 'பிரதர்ஸ்'. அப்பாஸ்ட்ரஃபி 'எஸ்'ஸுக்கு முன்னால் வர வேண்டும்; பின்னால் போட்டால் தம்பி பலராகிவிடுவார், பொருள் மாறிவிடும். சுட்டுப்பெயரிலும் இப்படியே. 'ஹிஸ் மார்க்ஸ் ஆர் ஹையர் தென் ஹெர்' என்றால் 'ஹெர்ஸ்'. 'தென் மீ' என்றால் 'தென் மைன்'. 'ஹெர்ஸ்'ஸில் அப்பாஸ்ட்ரஃபி கிடையாது.

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'பிரையர்' ஆகியவை லத்தீனிலிருந்து வந்தவை. அங்கேயே 'அதைவிட மூத்த', 'அதைவிட மேலான' என்ற பொருள் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அதனால் பின்னால் 'டு' வரும், 'தென்' வராது. 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' முன்னால் 'மோர்' ஒட்டவும் ஒட்டாது. 'ஃபார் சுப்பீரியர் டு', 'மச் இன்ஃபீரியர் டு' என்று அழுத்தம் கொடுக்கலாம். 'சீனியர்' மட்டும் கொஞ்சம் வேறு. அலுவலகப் பதவியைச் சொல்லும்போது அது சாதாரண அடைமொழிபோல் ஆகிவிட்டது. 'மோர் சீனியர் தென் ஹிஸ் கலீக்ஸ்' என்று நல்ல ஆங்கிலத்திலேயே எழுதுகிறார்கள். ஆகவே வரியில் 'மோர் சீனியர் தென்' இருந்தால் கைவைக்காதீர்கள். 'மோர்' இல்லாமல் வெறும் 'சீனியர் தென்' இருந்தால் 'தென்'னை வட்டமிட்டு 'டு' எழுதுங்கள். துணைப்பாட வகுப்புகளில் 'சீனியர் வந்தால் டு' என்று ஒரே அடியாகச் சொல்லிவிடுவதால் இந்த வேறுபாடு தெரியாமல் போகிறது.

'ப்ரிஃபர்' விஷயத்தில் பாதி விதியைப் படித்துவிட்டு வருவதுதான் ஆபத்து. 'ப்ரிஃபர்' கண்டதும் 'தென்'னை அடித்து 'டு' போட்டுவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லோ 'இங்' சேர்ந்த சொல்லோ வந்தால் அது சரி: 'ஷி ப்ரிஃபர்ஸ் டீ டு காஃபி', 'ஹி ப்ரிஃபர்ஸ் வாக்கிங் டு சைக்கிளிங்'. ஆனால் 'ப்ரிஃபர் டு வாக்' என்று தொடங்கிவிட்டால் பின்பாதி 'ராதர் தென் சைக்கிள்' என்றுதான் முடியும். அங்கே 'தென்' இருக்க வேண்டிய சொல். அதைத் திருத்தினால் டிக் போட வேண்டிய வரிக்கு மதிப்பெண் போய்விடும். தொடக்கநிலை இறுதித் தேர்வில் வாக்கிய மாற்றப் பகுதிக்கும் இது அடிப்படை. 'வுட் ராதர் வாக் தென் சைக்கிள்' என்பதை 'ப்ரிஃபர்' கொண்டு மாற்றச் சொன்னால் இரண்டு வினைச்சொல்லும் 'இங்' பெற வேண்டும், 'தென்' போய் 'டு' வர வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி 'ப்ரிஃபர் வாக்கிங் டு சைக்கிள்' என்று நிறுத்திவிடுவது அடிக்கடி காணும் பிழை.

'மோர் ஈஸியர்', 'மோஸ்ட் சீப்பஸ்ட்' போன்ற இரட்டை ஒப்பீடுகளைப் பாடநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. எடிட்டிங்கில் இவற்றுக்கு அவ்வளவு இடமில்லை, ஏனென்றால் இவற்றை நேராக்க ஒரு சொல்லை நீக்க வேண்டும். வெறுமனே நீக்குவதற்கு அந்தக் கேள்வியில் வழியில்லை. ஒரு சொல்லை மாற்றித் திருத்தக்கூடியது 'வெரி சீப்பர்'. 'வெரி' என்பது 'சீப்' முன்னால் வரும், 'சீப்பர்' முன்னால் வராது. 'மச்' அல்லது 'ஃபார்' போட வேண்டும். 'ஆஸ் சாஃப்ட் தென்' என்பதும் இந்த வகையே: 'தென்' போய் 'ஆஸ்' வரும்.

ஒரு பத்தியின் நடுவிலிருந்து ஐந்து வரி எடுத்துப் பார்ப்போம்.

முதல் வரி: 'த பிரைஸ் ஆஃப் நூடுல்ஸ் அட் த ஹாக்கர் சென்டர் இஸ் லோயர் தென் தோஸ் அட் த மால்.' எது குறைவு? விலை. 'தோஸ்' வட்டம், 'தட்' விடை. 'நூடுல்ஸ்' பன்மையாக நின்று ஏமாற்றப் பார்க்கிறது.

இரண்டாவது: 'மை கிராண்ட்மதர் ப்ரிஃபர்ஸ் டு ஈட் தேர் ராதர் தென் குக்.' 'ப்ரிஃபர்ஸ் டு ஈட்' என்று தொடங்கியது, 'ராதர் தென்' என்று முடிந்தது. டிக்.

மூன்றாவது: 'த குக், ஹூ இஸ் சீனியர் தென் த அதர் ஸ்டாஃப், நோஸ் ஹெர் வெல்.' 'மோர்' இல்லை. 'தென்' வட்டம், 'டு' விடை. 'ஸ்டாஃப்' பன்மையா ஒருமையா என்று யோசித்து நேரத்தைக் கரைக்க வேண்டாம். ஒரு வரியில் ஒரு பிழைக்குமேல் இராது. கண்டதும் அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

நான்காவது: 'ஹிஸ் சூப் இஸ் வெரி ரிச்சர் நவ்.' 'வெரி' வட்டம், 'மச்' விடை. இங்கே 'ரிச்சர்' என்பதை வட்டமிட்டு 'ரிச்' எழுதினாலும் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும். ஆனால் முன்பைவிட இப்போது என்ற ஒப்பீடு காணாமல் போய்விடுகிறது. பொருள் மாறக்கூடாது என்ற நிபந்தனை இதற்காகத்தான். இரண்டு வழியில் திருத்தலாம் என்று தோன்றினால் ஒப்பீட்டைக் காப்பாற்றும் வழியை எடுங்கள்.

ஐந்தாவது: 'ஹிஸ் சில்லி சாஸ் இஸ் ஹாட்டர் தென் மை மதர்.' எது காரம்? சாஸ். 'மதர்' வட்டம், 'மதர்ஸ்' விடை, அப்பாஸ்ட்ரஃபியோடு.

கட்டுரையில் இந்த ஒரு சொல் கட்டுப்பாடு இல்லை. அங்கே வேறு பிழை முளைக்கிறது, அதுதான் 'எனி அதர்'. 'சிங்கப்பூர் இஸ் ஸ்மாலர் தென் எனி கன்ட்ரி இன் ஆசியான்' என்று எழுதினால், சிங்கப்பூரும் ஆசியானில் ஒன்று என்பதால் அது தன்னைவிடவே சிறியது என்றாகிறது. 'எனி அதர் கன்ட்ரி' என்று எழுத வேண்டும். ஒப்பிடப்படுவது கூட்டத்துக்குள் இருந்தால் 'அதர்' வேண்டும், வெளியே இருந்தால் வேண்டாம். மலேசியாவின் மிகச் சிறிய மாநிலமான பெர்லிஸ்கூட சிங்கப்பூரைவிடப் பெரியது. 'சிங்கப்பூர் இஸ் ஸ்மாலர் தென் எனி ஸ்டேட் இன் மலேசியா' என்று 'அதர்' இல்லாமல் எழுதுவதே இன்று சரி. 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை சிங்கப்பூரும் மலேசியாவின் மாநிலமாக இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றி எழுதும் வரலாற்றுக் கட்டுரையில் அதே வாக்கியத்துக்கு 'எனி அதர் ஸ்டேட்' வேண்டும், 'இஸ்' போய் 'வாஸ்' வர வேண்டும்.

கட்டுரை முடித்ததும் 'தென்' வந்த இடங்களை மட்டும் ஒருமுறை பென்சிலால் தொட்டுப் பாருங்கள். இரட்டை ஒப்பீடு இருந்தால் அப்போதே கண்ணில் படும். 'மோர்' ஒன்றை அடித்துவிட்டால் போதும்.