விட்ட இடம்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை செய்கிறேன். பெரும்பாலும் வாய்மொழி வரலாறு. யாராவது ஒரு பெரியவரை உட்காரவைத்துப் பேச வைத்திருப்பார்கள். அதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு இன்றுவரை பயம் தருவது ஒரே வகைதான்: இன்னொருவர் பாதியில் விட்டதைத் தொடர்வது.

ஒரு தடவை நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

கூடலூர்ப் பக்கம் ஒரு ஐயாவின் பேச்சு. இலங்கை மலையகத்தில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு அரசு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் நீலகிரியில் அந்தத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். ஐயா ஒரே நாளில் ஐந்தே முக்கால் மணி நேரம் பேசியிருந்தார்.

பதிவை எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. குன்னூரிலிருந்து வேலை தரும் அக்கா போன் செய்தார். "62 பக்கம் முடிஞ்சிருக்கு. அவ விட்ட இடத்துல இருந்து நீ தொடர்ந்துடு." சரி என்றேன். கைக்கு வந்தது இரண்டு ஒலிக் கோப்புகளும் கடைசி ஆறு பக்கங்களும்தான். முதல் 56 பக்கங்களை அவள் அவ்வப்போது அனுப்பிவிட்டு, தன் கணினியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவை பிழைதிருத்துபவரிடம் போய்விட்டன. இரண்டு வாரத்துக்கு யாராலும் எடுத்துத் தர முடியவில்லை.

இரண்டு கோப்பு எதற்கென்றால், அந்தப் பதிவுக் கருவி ஒரு கோப்பு 2 ஜிபி ஆனதும் தானாகவே அடுத்ததைத் தொடங்கிவிடும். அந்தத் தரத்தில் பதிவு செய்தால் ஏறக்குறைய 3 மணி 22 நிமிடத்துக்கு ஒரு கோப்பு வரும். REC_001.wav முடிந்த அதே நொடியில் REC_002.wav தொடங்குகிறது.

ஆறாவது பக்கத்தின் கடைசி வரி இப்படி நின்றிருந்தது: "கப்பல்ல இருந்து எறங்குனோம். மண்டபத்துக்குக் கொண்டுபோனாங்க. அங்க பார்த்தா". அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. முற்றுப்புள்ளிகூட இல்லை. நேரக் குறிப்பும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "எங்கம்மா நிறுத்துனே?" என்று கேட்டேன். "கப்பல்ல இருந்து எறங்குனது வரைக்கும் அடிச்சேன் அக்கா" என்றாள். அது என் கையிலிருந்த வரியேதான். புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

62 பக்கம் என்றதும் முதல் கோப்பு முடிந்திருக்கும் என்று தோன்றியது. ஒரு மனிதர் தன் கதையைச் சொல்லும்போது கப்பலும் முகாமும் பிற்பகுதியில்தானே வரும். அதனால் இரண்டாவது கோப்பைத் திறந்தேன். இரண்டிரண்டு நிமிடமாகத் தாண்டிக் கேட்டுக்கொண்டே போனால், பதினாறாவது நிமிடத்தில் ஐயா சொல்கிறார்: "கப்பல்ல இருந்து எறங்குனோம். மண்டபத்துக்குக் கொண்டுபோனாங்க. அங்க போனா..."

அவள் எழுதியிருந்தது "அங்க பார்த்தா". எனக்குக் கேட்டது "அங்க போனா". தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் பதிவில் பலமாக இருந்தது. அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று முடிவு செய்து, அங்கிருந்து தொடங்கிவிட்டேன். அன்று அந்த ஒரு சொல்லில் நின்றிருக்க வேண்டும். ஒரு சொல் விடாமல் எழுதுகிறவள் "போனா"வைப் "பார்த்தா" என்று மாற்றமாட்டாள் என்பது அவளுடைய ஆறு பக்கங்களைப் படித்தாலே தெரியும். "வந்து", "அது வந்து" என்று ஐயா இழுப்பதைக்கூட அவள் விடவில்லை.

நான்கு நாளில் 20 பக்கம் எழுதினேன். நடுநடுவே ஐயா, "அந்தக் கங்காணியைத்தான் முன்னாடி சொன்னேனே" என்கிறார். "தங்கச்சி கதைதான் உங்களுக்குத் தெரியுமே" என்கிறார். அந்தக் கங்காணியையும் தங்கச்சியையும் நான் பார்த்ததில்லை. அவளுடைய 56 பக்கத்துக்குள் இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணில் படாத பகுதி இருக்கும்போது வரும் சிக்கலே இதுதான். புரியாத எதையும் அதன் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தப் பக்கங்கள் மறுத்துப் பேசப்போவதில்லை.

கூலிக் கணக்கு எழுதும்போதுதான் சந்தேகம் வந்தது. நான் எழுதிய 20 பக்கத்துக்கு ஒலி 47 நிமிடம். பக்கத்துக்கு 2.35 நிமிடம். நான் தொடங்கிய இடம் பதிவின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 3 மணி 38 நிமிடம், அதாவது 218 நிமிடம். அதை 62 பக்கத்தால் வகுத்தால் பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் வருகிறது. அதே ஐயா, அதே எழுத்துரு, அதே பக்க அளவு. அவள் பக்கத்தில் மட்டும் ஒன்றரை மடங்கு பேச்சு எப்படி அடங்கும்? ஒருவர் பேச்சின் வேகம் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் மணிக்கணக்கில் சராசரி எடுத்தால் இவ்வளவு விலகாது. ஒன்று, அவள் நிறைய விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் தவறான இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். 62 பக்கத்தை 2.35-ஆல் பெருக்கினால் 146 நிமிடம். அப்படியானால் அவள் நிறுத்தியது முதல் கோப்பில் 2 மணி 26 நிமிடத்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலிருந்து கேட்டேன். 2 மணி 21-ஆவது நிமிடத்தில், மழையே இல்லாத தெளிவான குரலில்: "மண்டபத்துக்குக் கொண்டுபோனாங்க. அங்க பார்த்தா ஒரே சனம்."

ஐயா கப்பலிலிருந்து இறங்கியதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். வயதானவர்கள் மனதை அழுத்துவதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், கிட்டத்தட்ட அதே சொற்களில். வாய்மொழிப் பதிவில் இது சாதாரணமாக நடப்பது. அதனால்தான் கடைசி வரியை மட்டும் வைத்துத் தேடினால் இடம் மாறிப்போகிறது.

அதற்குப் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கடைசி வரியை விட்டுவிட்டு, ஆறு பக்கத்தையும் ஒலியோடு சேர்த்து முதலிலிருந்து ஓடவிட்டேன். முதல் பக்கத்தில் பசுவை விற்றது, மூன்றாவதில் லயத்துக்காரர்கள் வழியனுப்ப வந்தது, ஐந்தாவதில் ரயில், பிறகு கப்பல். நான்கும் அதே வரிசையில் முதல் கோப்பில் இருந்தன. இரண்டாவது கோப்பில் கப்பல் மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் ஐயா பேத்தியின் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வரி இரண்டு இடத்தில் பொருந்தலாம். நான்கு செய்திகள் ஒரே வரிசையில் இரண்டு இடத்தில் பொருந்துவது மிக அரிது.

ஆறு பக்கத்தில் இன்னொரு சாட்சியும் இருந்தது. கேட்காத இடத்தில் [தெளிவில்லை] என்று போடுவது வழக்கம். மழை தொடங்கிய பின் நான் எழுதிய பக்கங்களில் அது பக்கத்துக்கு மூன்று நான்கு இருந்தது. அவளுடைய ஆறு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மழைக்குள் உட்கார்ந்து எழுதிய பக்கங்கள் அப்படி இருக்காது.

ஆக, 2:21-க்கும் 3:38-க்கும் நடுவே 77 நிமிடப் பேச்சு யாராலும் எழுதப்படாமல் கிடந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் ஏறக்குறைய 33 பக்கம் காணாமல் போயிருக்கும். படிக்கிறவருக்குத் தெரிந்தும் இருக்காது. "மண்டபத்துக்குக் கொண்டுபோனாங்க" என்பதற்கு அடுத்து, முகாமைப் பற்றிய என் வரி அழகாகத் தொடர்ந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கங்காணியும் தங்கச்சியும் அந்த 77 நிமிடத்துக்குள்தான் இருந்தார்கள். தங்கச்சிக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டதை ஐயா அங்கேதான் சொல்கிறார்.

நான் எழுதிய 20 பக்கம் வீணாகவில்லை, அவற்றின் இடம்தான் தவறு. நடுப்பகுதியை எழுதினேன். இந்தத் தடவை அவளுடைய கடைசி அரைப் பக்கத்தை ஒலியோடு மறுபடி ஒப்பிட்டுவிட்டே தொடங்கினேன். "அங்க பார்த்தா" என்று நின்ற வாக்கியத்தை என் ஊகத்தில் முடிக்காமல், ஐயா வாயிலிருந்து வந்த "ஒரே சனம்" என்பதையே சேர்த்தேன். இணையும் இடத்தில் கோப்பின் பெயரையும் நேரத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, கை மாறியது இங்கே என்று எழுதினேன். சிலருக்கு இந்தக் குறி கண்ணை உறுத்தும், எடுத்துவிடச் சொல்வார்கள். பிழைதிருத்தி முடியும்வரை நான் எடுக்கமாட்டேன். தையல் எங்கே என்று தெரிந்தால்தானே அங்கே இழுத்துப் பார்க்க முடியும்.

நடையும் இருக்கிறது. என் 20 பக்கத்தில் "பிரட்டு" என்று எழுதியிருந்தேன். தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் இடத்துக்கு ஐயா சொல்வது "பெரட்டு". அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். "எறங்குனோம்" என்பதை அவள் பேச்சு வடிவில் விட்டிருக்க, நான் சில இடங்களில் "இறங்கினோம்" ஆக்கியிருந்தேன். அவளுடைய ஆறு பக்கத்திலிருந்து, எதை எப்படி எழுதுகிறாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, என் பக்கங்களை எல்லாம் அதற்கு மாற்றினேன். தொடர்கிறவர் தன் வழக்கத்தைப் புகுத்தினால், பாதியில் ஐயாவே வேறு ஆளாகிவிட்டதுபோல் ஆகிவிடும்.

கப்பல் கதை இரண்டு இடத்திலும் அப்படியே இருக்கிறது. முதல் தடவை, முகாமில் மூன்று நாள் இருந்ததாகச் சொல்கிறார். இரண்டாம் தடவை பத்து நாள் என்கிறார். ஒன்றை எடுத்துவிடலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். எது சரி என்பதை ஐயாவிடம்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் வேறொரு பதிவை நான் பாதியில் விட வேண்டி வந்தது, அம்மாவுக்குக் கண் அறுவை. எடுத்துச் செய்கிற தம்பிக்குக் கோப்பின் அடியில் இப்படி எழுதி வைத்தேன்: "REC_003.wav, 01:12:40. கடைசியாக எழுதியது, 'அவரு கணக்கப்பிள்ளையா இருந்தாரு'. அடுத்து கேட்டும் எழுதாதது, 'அவரு மகன்தான் எங்களுக்கு'. இதற்கு முன்னால் பள்ளிக்கூடம், அதற்கு முன்னால் மாரியம்மன் திருவிழா. கணக்கப்பிள்ளை பேச்சு 00:20-ஐ ஒட்டி ஒரு தடவை வந்துவிட்டது, அது வேறு."