பதிவேட்டில் சார்ஜருக்குத் தனி வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் என் கதிதான்

ஆபீஸ் சாதனப் பதிவேட்டை ஒருவழியாகச் சரிபார்த்து முடித்துவிட்டேன். லேப்டாப்கள் தொந்தரவே தரவில்லை. பவர்ஷெல்லில் இந்த ஒரு வரியை அடித்து, வந்த சீரியல் எண்ணை அடிப்பக்க ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் முடிந்தது வேலை.

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
```

என்னைப் பாடாய்ப் படுத்தியது சார்ஜர். வேலையை விட்டுப் போனவர் லேப்டாப்பையும் சார்ஜரையும் திருப்பித் தந்தார். பழைய பதிவேட்டில் "லேப்டாப், சார்ஜருடன்" என்று ஒரே வரி. சரி என்று வாங்கி வைத்தாகிவிட்டது. அதே லேப்டாப்பைப் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்தபோதுதான், மெதுவாகச் சார்ஜ் ஆகிறது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. சார்ஜரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்: 20V, 2.25A. பெருக்கினால் 45 வாட். அந்த லேப்டாப்புக்கு 65 வாட் வேண்டும், அதாவது 20V, 3.25A.

போனவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "எனக்குக் கொடுத்ததைத்தான் கொடுத்தேன்" என்கிறார். பொய் என்று எப்படிச் சொல்வது? சார்ஜரைப் பற்றி எங்கேயும் எழுதியிருந்தால்தானே!

45 வாட் லேப்டாப்பில் 65 வாட் சார்ஜரைச் செருகினால் அது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஜோராக ஓடும். ஆகவே பெரிய சார்ஜர் கிடைத்தவர் வாயே திறக்க மாட்டார். சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்களின் மேஜைகளை மட்டும் குறிவைத்துப் போனேன். கணக்குப் பிரிவில் சிக்கியது. மீட்டிங் அறையில் மாறியிருக்கும் என்று அதை வைத்திருந்தவரே சொன்னார். இப்போது ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி எண், வாட், தனிக் கையெழுத்து. ஸ்டிக்கரை ஒயரில் ஒட்டாதீர்கள், ஒயர் கழன்று வேறு சார்ஜரோடு போய்விடும். பெட்டி மேலேயே ஒட்டுங்கள்.

போன்களில் வேறொரு வயிற்றெரிச்சல். எனக்கு முன்னால் இருந்தவர் ஐஎம்இஐ எண்களை எக்செலில் சாதாரணக் கட்டத்தில் அடித்து, சிஎஸ்வியாகச் சேமித்து வைத்திருந்தார். திறந்தால் வரிசையாக 3.56938E+14. எக்செல் கோப்பாக இருந்திருந்தால் கட்டத்தின் வடிவத்தை மாற்றினாலே 15 இலக்கமும் வந்திருக்கும். சிஎஸ்வியில் திரையில் தெரிவதுதான் சேமிப்பாகும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். வெளியூரில் இருப்பவர்களை எல்லாம் *#06# அடித்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்செலில் ஐஎம்இஐ நெடுவரிசையை முதலிலேயே Text என்று மாற்றிவிட்டு அடியுங்கள்.

"சார்ஜருக்கெல்லாமா சார் கையெழுத்து?" என்று இன்னும் ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய வரி மட்டும்தான் பாக்கி.